"பாக்கறேன் மாமா"வுக்குப் பிறகு: கடன் கேட்டு விடாமல் நெருக்கும் உறவினருக்கு மறுப்பு எழுதுவது குறித்த கேள்விகள்

தாய்மாமா 12 நாளா வாட்ஸ்அப்ல பணம் கேட்டுட்டே இருக்கார். மரியாதை குறையாம முடியாதுன்னு எழுதணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

எழுத உட்காரும் முன், உரையாடலை முதல் செய்தியிலிருந்து ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். கடைசியாக வந்த செய்திதான் மனதைச் சுடும், அதனால் பலரும் அதற்கு மட்டும் பதில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. இந்தப் பக்கம் முழுக்க ஓர் உரையாடலையே எடுத்துக்கொள்வோம். மாமா ஈரோட்டுப் பக்கம், மருமகள் சென்னையில் வேலையில். சுருக்கிக் கொடுத்தால் இப்படி இருக்கும்:

முதல் நாள், மாமா: "அம்மிணி, குட்டியானை ஒண்ணு வெலைக்கு வருது. ரெண்டு லட்சம் கொறையுது. மூணு மாசத்துல குடுத்தர்றேன்."
நீங்கள்: "பாக்கறேன் மாமா."
4ஆம் நாள், மாமா: "ரோசன பண்ணுனியா அம்மிணி?"
நீங்கள்: "இந்த மாசம் கொஞ்சம் டைட் மாமா."
6ஆம் நாள், மாமா: "பரவால்ல, ஒண்ணாந்தேதி வாங்கிக்கறேன். பார்ட்டிகிட்டச் சொல்லிட்டேன்."
9ஆம் நாள், மாமா: "உன்னைய மடில வெச்சுக் காது குத்துனவன் நான். ஞாபகம் இருக்கட்டும்."
11ஆம் நாள், இரவு 10.40, மாமா: "ப்ளூ டிக் வருது, பதில் வரல. சம்பாரிக்க ஆரம்பிச்சா சொந்தம் மறந்துரும்போல." கூடவே மூன்று நிமிட வாய்ஸ்.
12ஆம் நாள், மாமா: "உங்கம்மாகிட்டப் பேசிட்டேன். ரெண்டு முடியலீன்னா ஒண்ணாவது போடு. நாளைக்கு வண்டி கை மாறிரும்."

இதில் கேள்வி என்று இருப்பவை மூன்றுதான்: இரண்டு லட்சம் தருவாயா, ஒன்றாம் தேதி தருவாயா, ஒரு லட்சமாவது தருவாயா. காது குத்தியது, ப்ளூ டிக், சொந்தம் மறப்பது, அம்மா, கைமாறப்போகும் வண்டி எல்லாம் அந்தக் கேள்விகளை உந்தித் தள்ளும் விசை. மறுப்பு அந்த மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். விசைக்குப் பதில் எழுதத் தொடங்கினால் செய்தி வாதமாக மாறி, பணம் தருவதா இல்லையா என்பது மறுபடி தொங்கலில் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது கொஞ்சம் கசக்கும். 6ஆம் நாளில் ஒன்றாம் தேதி என்பது மாமா திடீரென்று கண்டுபிடித்தது அல்ல. "இந்த மாசம் டைட்" என்று நீங்கள் எழுதியதை அடுத்த மாதம் முடியும் என்று அவர் படித்துக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் "பாக்கறேன்" என்பது கேட்கிறவருக்குப் பாதிச் சம்மதம். சொல்கிறவருக்கோ மரியாதையான மறுப்பு. நெருக்கடியில் பாதி இந்த இடைவெளியில் விளைந்தது. ஆகவே மறுப்பில் அந்தப் பழைய பதிலையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சரி, அப்போ என்ன எழுதணும்? முழுசா ஒரு மாதிரி குடுங்க.

> மாமா, உங்க மெசேஜ் எல்லாம் படிச்சேன், வாய்ஸும் கேட்டேன். வண்டிக்கு என்னால பணம் தர முடியாதுங்க மாமா. ரெண்டு லட்சம்னாலும் ஒரு லட்சம்னாலும், இப்பவும் சரி அடுத்த மாசமும் சரி, இதுதான் என் பதில்.
>
> மொதல்லயே இதச் சொல்லாம "பாக்கறேன்"னு சொல்லி உங்களக் காக்க வெச்சது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. ஒண்ணாந்தேதிய நம்பிப் பார்ட்டிக்கு வாக்குக் குடுத்துராதீங்க.
>
> நீங்க எனக்குச் செஞ்சது எதையும் மறக்கல மாமா. வண்டியோட ஆர்.சி.யப் போட்டோ எடுத்து அனுப்புங்க, அதுல பழைய கடன் ஏதாச்சும் ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்றேன். நோம்பிக்கு வரப்ப வீட்டுக்கு வர்றேன்.

முதல் பத்தியிலேயே முடிவு வந்துவிடுகிறது. நலம் விசாரித்து, மழையைப் பற்றிக் கேட்டு, பிறகு விஷயத்துக்கு வந்தால் படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் பணம் வரப்போகிறது என்றே எதிர்பார்ப்பார்; ஏமாற்றம் கூடும். தொகையையும் காலத்தையும் சேர்த்து மூடியதால், "ஒண்ணாவது", "ஒண்ணாந்தேதி" என்ற இரண்டு கதவுகளும் ஒரே வாக்கியத்தில் சாத்தப்படுகின்றன.

மன்னிப்பு ஒரே ஒன்றுக்குத்தான்: காக்க வைத்ததற்கு. பணம் தராததற்கு மன்னிப்புக் கேட்டால் அது நீங்கள் பட்ட கடன் போல ஆகிவிடும். ஒன்றாம் தேதி பற்றிய வரி மாமாவின் நன்மைக்கானது. அவர் உங்களை நம்பி வண்டிக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், பிறகு அந்த அட்வான்ஸ் போனதும் உங்கள் தலையில்தான் ஏறும்.

ஆர்.சி. பார்த்துத் தருவது சின்ன வேலை, ஆனால் உண்மையில் பயனுள்ள வேலை. பழைய வண்டியின் ஆர்.சி.யில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயரில் அடமானம் பதிவாகியிருந்தால், அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. இப்படி எல்லை தெரிந்த உதவியை மட்டும் எழுதுங்கள். "லோன் ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்று எழுதினால் அடுத்த வாரம் ஜாமீன் கையெழுத்தில் வந்து நிற்கும். செய்து கொடுக்க மனமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். செய்தி அது இல்லாமலும் நிற்கும்.

"முடியாது"ன்னு பெரியவங்களுக்கு எழுதறது முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?

தனியாக நின்றால் அடிக்கும்தான். அதனால்தான் பலர் வேறு சொல்லைத் தேடிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். "இப்ப தர முடியல" என்றால் இன்றைய நிலையைச் சொன்னதாகத்தான் ஆகும். நாளைக்கு மறுபடி கேட்கலாம். "தர்ற நிலைமையில இல்ல" என்றால் நிலைமை எப்போது மாறும் என்ற கேள்வியை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். "கஷ்டம் மாமா" என்பது இன்னும் மோசம். கஷ்டப்பட்டாவது தருவாய் என்று அவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மறுபக்கம், "தர மாட்டேன்" என்பது இருந்தும் மறுக்கிறேன் என்ற வீம்பாகக் கேட்கும்.

"என்னால தர முடியாதுங்க மாமா" இவற்றுக்கு நடுவில் உட்காருகிறது. முடிவு "முடியாது"வில் உறுதியாக இருக்கிறது. மரியாதையை "ங்க"வும் "மாமா"வும் சுமக்கின்றன. "என்னால" என்ற சொல் குறையை அவர் கேட்டதில் வைக்காமல் உங்கள் பக்கம் வைக்கிறது. மதுரைப் பக்கமோ நெல்லைப் பக்கமோ என்றால் அங்கே வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். என்றும் பேச்சுத் தமிழில் எழுதுகிற பெண் திடீரென்று "தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று எழுதினால், வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும். மாமா அதைத்தான் ஊரெல்லாம் படித்துக் காட்டுவார்.

காரணம் சொல்லவே இல்லையே? வீட்டு லோன், ஸ்கூல் பீஸ் எல்லாம் சொன்னா புரிஞ்சுக்குவாரே?

புரிந்துகொள்ளும் மனநிலையில் இருப்பவர் முதல் "டைட்"டிலேயே நிறுத்தியிருப்பார். நெருக்குகிறவருக்குக் காரணம் என்பது பேரம் பேசக் கிடைத்த சாமான். வீட்டுக் கடன் தவணை என்றால் "அது பத்தாந்தேதிதான, ஒண்ணாந்தேதி குடுத்துட்டு அதுக்குள்ள நான் திருப்பிக் குடுத்தர்றேன்" என்பார். பள்ளிக் கட்டணம் என்றால் "ஜூன்லதான கட்டுவீங்க" என்பார். கையில் பணம் இல்லை என்றால் நகையை வைக்கச் சொல்வார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு வரும். தீர்வு வந்த பிறகும் மறுத்தால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும்.

பொய்க் காரணம் அதைவிட ஆபத்து. பணமே இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் புது ஸ்கூட்டரின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் முடிந்தது கதை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் பேரம் பேச முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்: "சொந்தத்துக்குள்ள கடன் குடுக்கறதில்லன்னு நானும் அவரும் முடிவு பண்ணியிருக்கோம் மாமா." ஆனால் இது உண்மையாக இருக்க வேண்டும். போன வருடம் நாத்தனாருக்குக் கொடுத்திருந்தால் இதைச் சொல்லாதீர்கள். கணவர் மேல் மட்டும் பழியைப் போட்டு "அவர் ஒத்துக்கல" என்றும் எழுதாதீர்கள். அடுத்த அழைப்பு நேராக அவருக்குப் போகும்.

மடில வெச்சுக் காது குத்தினதச் சொல்றாரே, அதுக்குப் பதில் சொல்லாம விட்டா நன்றி கெட்டவளா ஆயிட மாட்டேனா?

தாய்மாமன் உறவில் இதுதான் எடை கூடிய வரி. மடி, சீர், மாலை என்று அவர் செய்ததெல்லாம் உண்மை. மறுக்கவோ கணக்குப் பார்க்கவோ கூடாது. "நீங்க செஞ்ச சீருக்கு அம்மாவும் திருப்பிச் செஞ்சிருக்காங்க" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தலைமுறைக் கணக்குப் புத்தகம் திறந்துவிடும்.

மாதிரியில் அதற்கு ஒரே வரிதான்: "நீங்க எனக்குச் செஞ்சது எதையும் மறக்கல மாமா." அந்த வரிக்குப் பின் "ஆனா" வரக் கூடாது. "மறக்கல, ஆனா பணம்..." என்று எழுதினால் முன்பாதி பொய்யாகத் தெரியும். அதனால்தான் மறுப்பை முதல் பத்தியிலும் நன்றியைக் கடைசிப் பத்தியிலும் பிரித்து வைத்தோம். "சொந்தம் மறந்துரும்போல" என்பதற்குப் பதிலே வேண்டாம். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் கீழேயே பதில் எழுதும் வசதியையும் இங்கே பயன்படுத்தாதீர்கள். அவருடைய சுடுசொல் உங்கள் செய்தியின் தலையில் உட்கார்ந்து எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும்.

ஒரு இருபதாயிரம் மட்டும் அனுப்பி முடிச்சுக்கலாமா?

திரும்பி வராது என்று நினைத்துக் கொடுக்க மனமும் வசதியும் இருந்தால் கொடுக்கலாம், ஆனால் இந்த நேரத்தில் வேண்டாம். 12 நாள் நெருக்கிய பிறகு வரும் இருபதாயிரம், நெருக்கினால் பணம் வரும் என்பதற்குச் சாட்சியாகிவிடும். மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கான கேட்பு அன்றே தொடங்கும். குட்டியானையின் விலையில் இருபதாயிரம் எதையும் முடித்துவைக்காது. உங்கள் கையை விட்டுப் போகும், அவர் தேவையும் தீராது. மருத்துவச் செலவோ கல்லூரிக் கட்டணமோ என்றால் வேறு: திருப்பி வேண்டாம் என்று சொல்லி, மருத்துவமனை கவுன்டரிலோ கல்லூரிக் கணக்கிலோ நீங்களே கட்டிவிடலாம்.

அம்மாகிட்டப் பேசிட்டாராம். அம்மா போன் பண்ணி "குடுத்துரு கண்ணு"ன்னு சொன்னா?

செய்தியை மாமாவுக்கு அனுப்பும் முன் அம்மாவைக் கூப்பிடுங்கள். இந்த வரிசை மாறினால், மாமா கோபத்தோடு அம்மாவை அழைக்க, நீங்கள் மறுத்த விஷயமே அம்மாவுக்கு அவர் வாயால்தான் தெரியவரும். அம்மா அண்ணன் பக்கம் சாய்ந்து ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் மானமும் இதில் மாட்டிக்கொள்ளும்.

அம்மாவிடம் கேட்க வேண்டியது அனுமதி அல்ல. "அம்மா, நான் தரப் போறதில்ல. இன்னைக்கு மாமாகிட்ட நானே சொல்லிடறேன். உன்னக் கேட்டா, 'அது அவளும் நீயும் பேசிக்குங்க'ன்னு மட்டும் சொல்லிரு." அவர் நடுவில் நின்று சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் பாதிப் பாரம் குறையும். அம்மா தன் சேமிப்பிலிருந்து தானே கொடுத்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால் அதையும் அப்போதே வாய் திறந்து கேட்டுவிடுங்கள். மகள் மறுத்த தொகையைத் தாய் தன் வளையலை வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் புதிதல்ல.

எப்ப அனுப்பறது? போன்ல சொல்றது நல்லதா, எழுதறதா?

இவ்வளவு நெருக்கம் உள்ள உறவில் முதல் கேட்புக்குப் போனில் மறுத்திருந்தால் அதுவே அழகு. இப்போது எழுத்துதான் பாதுகாப்பு, ஏனென்றால் போனில் அவர் பேச நீங்கள் "ம்... ம்..." என்பீர்கள், அந்த "ம்" மறுபடி ஒரு "பாக்கறேன்" ஆகிவிடும். எழுதி அனுப்பிவிட்டு, அவர் அழைத்தால் எடுங்கள்.

அரட்டைப் பெட்டியிலேயே எழுதாதீர்கள். நீங்கள் தட்டுவதும் நிறுத்துவதும் எதிர்முனையில் தெரியும். அரை மணி நேரம் எழுதி ஏழு வரி வந்தால் தயங்குகிறாள் என்று புரிந்துவிடும். நோட்ஸில் எழுதி, ஒருமுறை சத்தமாகப் படித்து, பிறகு ஒட்டுங்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்றாலும், திருத்தியது என்ற அடையாளம் அதில் நிற்கும். அவர் 10.40க்கு அனுப்பினார் என்பதற்காக நீங்கள் 11 மணிக்குப் பதில் போட வேண்டியதில்லை. மறுநாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் போதும். ஆனால் வண்டி நாளைக்குக் கைமாறும் என்கிறபோது நாலு நாள் இழுக்காதீர்கள்.

அழைப்பு வந்தால்: "மெசேஜ்ல சொன்னதுதாங்க மாமா, என்னால முடியாது." இதைச் சொல்லிவிட்டு அவர் கோபத்தை முழுதும் கேளுங்கள். ஒருமுறை கொட்டித் தீர்க்க இடம் கொடுப்பது தப்பில்லை. இரண்டாம் முறையும் அதே வாக்கியத்தையே சொல்லுங்கள். புதுச் சொல் வந்தால் புதுப் பேரம் வரும்.

அனுப்பின பிறகும் கேட்டா?

ஒருமுறை மட்டும் பதில்: "போன மெசேஜ்ல சொன்னதுதான் மாமா, அதுல மாத்தம் இல்ல." அதற்குப் பின் பணம் பற்றிய செய்திக்குப் பதில் வேண்டாம்; மற்றதற்கு வழக்கம்போலப் பேசுங்கள். அவர் பேரனின் பிறந்தநாள் படம் போட்டால் வாழ்த்துங்கள். பிளாக் செய்வது, குடும்பக் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவது இரண்டும் பணப் பிரச்சினையை மானப் பிரச்சினையாக மாற்றிவிடும். உரையாடலை அழிக்காமல் மட்டும் வைத்திருங்கள். "தர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டா" என்ற பேச்சு ஊரில் கிளம்பினால், அம்மாவுக்குக் காட்ட அது இருக்கும்.

சில சமயம் கேட்பு "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பக்கம் திரும்பும். அதை மிரட்டல்தானே என்று எடைபோட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே அத்தையையோ வீட்டில் இருக்கும் வேறு ஒருவரையோ அழைத்து அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 எண்ணை அவரும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். அன்று பணப் பேச்சை எடுக்கவே வேண்டாம், தருவதாகவும் கூடாது, மறுப்பதாகவும் கூடாது.

"பணம் வேண்டாம், லோனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு"ங்கறார். அது பரவாயில்லையா?

இது இரண்டு லட்சத்தைவிடப் பெரிய கேட்பு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். மாமா தவணை தவறினால் வங்கி முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது கணக்கில் வரும். உங்கள் பெயரில் தனிநபர் கடன் எடுத்துத் தரச் சொன்னால் அதில் அவர் பெயரே இருக்காது, முழுக்க உங்கள் கடன். இரண்டுக்கும் ஒரே பதில்: "கையெழுத்தும் பணம் மாதிரிதாங்க மாமா, அதுவும் என்னால முடியாது."

ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கின நாப்பதாயிரத்தையே இன்னும் தரல. அதையும் சேர்த்து எழுதிடவா?

இதே செய்தியில் வேண்டாம். மறுப்போடு சேர்த்தால் அது பழிக்குப் பழியாகப் படும். "நாப்பதக் குடுத்துட்டா ரெண்டு தருவியா" என்று கேட்டுவிட்டாலும் சிக்கல். ஆனால் மறந்தும் விடாதீர்கள். கைக்கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு, பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைத் திருப்பியதற்கு எழுத்துச் சான்று இருந்தாலோ மூன்று ஆண்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். மாமா மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லைதான். இருந்தாலும் கோபம் ஆறி ஒரு மாதம் கழித்து, "மாமா, அந்த நாப்பதாயிரத்த மாசம் ரெண்டாயிரமாக் குடுத்தீங்கன்னா போதும்" என்று தனியாகக் கேட்கலாம். 20 மாதத்தில் முடியும். தரவே மாட்டார் என்று தெரிந்தால் மனதுக்குள் தள்ளுபடி செய்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் ஒரு வழி.

அடுத்த மாசம் மாமா பேரனுக்குக் காதுகுத்து. எப்படி மூஞ்சில முழிக்கறது?

போங்கள். மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் மாமாவையும் அத்தையையும் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் முகத்தைத் திருப்பினாலும் அத்தை பேசுவார். ஓரமாகக் கூட்டிப்போய் வண்டி விஷயத்தை எடுத்தால், "விசேஷம் முடியட்டுங்க மாமா" என்று நகர்ந்துவிடலாம். மொய்யில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மனம் உறுத்துகிறதே என்று ஐயாயிரம், பத்தாயிரம் எழுதிவிடாதீர்கள். மொய் நோட்டில் ஏறியது திரும்பி வரும் கணக்கு; வழக்கத்துக்கு மிஞ்சினால் அது சமாதானத் தொகை என்று எழுதுகிறவருக்கே தெரியும். உங்கள் வீட்டு விசேஷத்தில் மாமா வீட்டார் எழுதியது எவ்வளவு என்று அம்மாவிடம் பழைய நோட்டைப் பார்க்கச் சொல்லி, வழக்கமாகக் கூட்டி வைப்பதை மட்டும் கூட்டி எழுதுங்கள்.